வரிச் சலுகைக்கு வேண்டிய பள்ளி ரசீது

ஜனவரி பிறந்தால் மாதச் சம்பளக்காரர்களுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். வருமான வரிச் சலுகைக்கான ஆதாரங்களை இன்ன தேதிக்குள் பதிவேற்ற வேண்டும் என்பார்கள். எல்.ஐ.சி. ரசீது கைவசம் இருக்கும். வீட்டுக் கடன் சான்றை வங்கியின் இணையதளத்தில் எடுத்துவிடலாம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதில்தான் சிக்கல் வரும். ரசீதைப் படம் எடுத்து ஏற்றிய மூன்றாம் நாள், ‘கட்டணப் பிரிவு இல்லை, ஏற்க இயலாது’ என்று திரும்பி வரும். பள்ளியில் போய்க் கேட்டால், ‘நாங்க எல்லாருக்கும் இந்த ரசீதுதான் தர்றோம்’ என்பார் அலுவலக உதவியாளர். பணம் கட்டியிருக்கிறோம், ரசீதும் இருக்கிறது, சலுகை மட்டும் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கலின் வேர் எங்கே என்று தெரிந்துகொண்டால், பள்ளியில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பது தானாகத் தெளியும்.

வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் பல செலவுகளும் சேமிப்புகளும் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், வீட்டுக் கடனின் அசல் ஆகியவற்றோடு பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் அதில் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2014இல் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட இந்த வரம்பு அதன் பிறகு மாறவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் இதே சலுகை 123ஆம் பிரிவுக்குப் போயிருக்கிறது. பிரிவு எண் மாறியதே தவிர வரம்பு அதேதான். கீழே வரும் கணக்கு 2025-26ஆம் நிதியாண்டுக்கானது என்பதால், பழகிய பெயரான 80சி என்றே சொல்கிறேன்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் அல்லது வேறு கல்வி நிறுவனத்தில் உங்கள் பிள்ளைகளில் எவரேனும் இருவரின் முழுநேரப் படிப்புக்காக நீங்கள் கட்டிய கற்பிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். வளர்ச்சி நிதி, நன்கொடை, அவற்றைப் போன்ற வசூல்கள் சேராது. மழலையர் பள்ளியும் விளையாட்டுப் பள்ளியும் முழுநேரப் படிப்பில் அடங்கும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் சுற்றறிக்கைகளில் தெளிவுபடுத்தியிருக்கிறது. மாலையில் பிள்ளை போகும் தனிப்பயிற்சி வகுப்புக்கும், நீட் பயிற்சி மையத்துக்கும் கட்டும் பணம் இதில் வராது.

இந்த ரசீது இன்ன படிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று வருமான வரித் துறை எந்த மாதிரியையும் வகுக்கவில்லை. ‘ஐ.டி. ஃபார்மட்டில் ரசீது வேண்டும்’ என்று பள்ளியில் கேட்டால் அவர்கள் விழிப்பதற்குக் காரணம் இதுதான், அப்படி ஒரு ஃபார்மட் கிடையாது. நம் அலுவலகம் மூலவரி பிடிக்கும் பொறுப்பில் இருக்கிறது. ஊழியர் 12பிபி என்னும் படிவத்தில் ‘80சி-யில் இவ்வளவு’ என்று எழுதிக் கொடுத்து, கூடவே ஆதாரம் இணைக்க வேண்டும். அந்த ஆதாரத்தைப் பார்த்து அலுவலகம் திருப்தி அடைய வேண்டும் என்பதுதான் விதி. எதைப் பார்த்தால் திருப்தி என்பதை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கிறது. சில இடங்களில் பள்ளியின் பான் எண்கூடக் கேட்கிறார்கள். வீட்டு உரிமையாளரின் பான் எண்ணுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தவரின் பான் எண்ணுக்கும் 12பிபி படிவத்தில் இடம் இருக்கிறது, பள்ளியின் பான் எண்ணுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஆகவே பள்ளிக்குப் போகும் முன் நம் அலுவலகத்தின் அறிவுறுத்தலை ஒரு முறை முழுதாகப் படித்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. இந்தச் சலுகை பழைய வரி முறையில் மட்டுமே கிடைக்கும். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை, நாம் தேர்ந்தெடுத்துச் சொன்னால்தான் பழையது. 2025-26இல் ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் புதிய முறையில் வரியே இல்லை. அவர்களில் மிகப் பலருக்குப் பள்ளி ரசீதுக்காக அலையவே தேவையில்லை. இரண்டாவது, 1,50,000 வரம்பில் இடம் மீதி இருக்கிறதா என்பது. வைப்பு நிதியும் வீட்டுக் கடன் அசலுமே வரம்பை நிரப்பிவிட்டால், பள்ளிக் கட்டணத்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இடம் இருக்கிறது, பழைய முறைதான் லாபம் என்றால் மேலே போகலாம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா சென்னையில் தனியார் நிறுவனத்தில் ஆண்டுக்கு 14 லட்சம் சம்பளம் வாங்குகிறார். குடியிருப்பது வாடகை வீடு, மதுரையில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்குக் கடன் ஓடுகிறது. வாடகைப் படியில் 2,40,000, கடன் வட்டியில் 2,00,000, மருத்துவக் காப்பீட்டில் 25,000 கழிகிறது. 80சி-யும் முழுதாக நிரம்பினால் பழைய முறையில் அவருக்கு வரி சுமார் 62,000 ரூபாய். புதிய முறையில் சுமார் 82,000. எனவே பழைய முறைதான் அவருக்கு நல்லது. 80சி-யில் வைப்பு நிதி 21,600, வீட்டுக் கடன் அசல் 52,400, ஆகமொத்தம் 74,000 ஏற்கெனவே போய்விட்டது. மீதி இடம் 76,000. இதைப் பள்ளிக் கட்டணத்தால் நிரப்ப வேண்டும். நிரப்பினால் வரியில் 15,808 ரூபாய் குறையும்.

மூத்த பெண் ஏழாம் வகுப்பு. பள்ளி கொடுத்த ரசீதுகள் இரண்டு கையில் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் ‘முதல் பருவக் கட்டணம் ரூ. 30,000’, அக்டோபரில் ‘இரண்டாம் பருவக் கட்டணம் ரூ. 24,000’. இரண்டிலும் ஒற்றை வரி, ஒற்றைத் தொகை. அப்பா 54,000 என்று கேட்டு எழுதினார், அலுவலகம் திருப்பி அனுப்பியது.

திருப்பி அனுப்பியது சரிதான். பள்ளியின் கணக்குப் புத்தகத்தில் அந்த 30,000-ஐப் பிரித்தால் கற்பிப்புக் கட்டணம் 19,000, வளர்ச்சி நிதி 4,000, புத்தகம் நோட்டு 3,500, வேன் 3,500. அக்டோபரின் 24,000 என்பது கற்பிப்புக் கட்டணம் 19,000, வேன் 3,500, தேர்வு மற்றும் ஆய்வகம் 1,500. ஆக, கேட்க முடிந்தது 38,000தான். மீதி 16,000-க்குச் சலுகை கேட்பது பொய்க் கணக்காகிவிடும். ஒற்றைத் தொகை ரசீதைப் பார்க்கிறவருக்கு 38,000 எது, 16,000 எது என்று தெரிய வழியில்லை. அதனால் மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார்.

எந்தத் தலைப்பு சேரும், எது சேராது என்பதில் கொஞ்சம் சாம்பல் நிறப் பகுதி உண்டு. வேன், விடுதி, சாப்பாடு, சீருடை, புத்தகம், தாமதக் கட்டணம் ஆகியவை கற்பிப்புக் கட்டணம் ஆகாது. வளர்ச்சி நிதியும் நன்கொடையும் சட்டத்திலேயே விலக்கப்பட்டவை. ஆனால் ஆய்வகக் கட்டணம், கணினிக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம் போன்றவை? வாரியத்தின் சுற்றறிக்கை, வளர்ச்சி நிதி, நன்கொடை, கேபிடேஷன், அவற்றைப் போன்ற வசூல் ஆகியவை தவிரப் பள்ளிக்குக் கட்டும் எந்தக் கட்டணமும் அடங்கும் என்ற பரந்த சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து வாதாட முடியும். நடைமுறையிலோ பெரும்பாலான அலுவலகங்கள் ‘ட்யூஷன் ஃபீஸ்’ என்று எழுதப்பட்ட வரியை மட்டுமே ஏற்கின்றன. ஆயிரம் ஐந்நூறுக்காக இந்த வாதத்தில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கற்பிப்புக் கட்டணம் என்று தனியே எழுதப்பட்ட தொகையோடு நின்றுகொண்டால் நாளை எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

ஆகவே பள்ளியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் விஷயம் கட்டணப் பிரிவு. அதோடு ரசீதில் வேறு சிலவும் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பள்ளியின் பெயரும் முகவரியும் வேண்டும். அறக்கட்டளையின் பெயரில் மட்டும் ரசீது இருந்தால் அது கல்விக் கட்டணமா, அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடையா என்ற கேள்வி எழும். பிள்ளையின் பதிவேட்டுப் பெயரும் வகுப்பும் வேண்டும், கூடவே தந்தை அல்லது தாயின் பெயர். உரிமை கேட்பவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள உறவைக் காட்டுவது அதுதான். பணம் கட்டிய தேதி, கட்டிய வழி, ரசீது எண், கையெழுத்து, பள்ளி முத்திரை இருக்க வேண்டும்.

ரசீது எண்ணுக்கு இப்போது புது முக்கியத்துவம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வருமான வரிக் கணக்கில் 80சி என்ற கட்டத்தில் மொத்தத் தொகையை எழுதினால் போதும். 2024-25ஆம் நிதியாண்டின் கணக்கிலிருந்து, பழைய முறையில் 80சி கழிவு கேட்பவர்கள் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அதன் பாலிசி எண்ணையோ ஆவண எண்ணையோ தர வேண்டியிருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கு அந்த ஆவண எண் ரசீது எண்தான். எண் இல்லாத துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது.

கட்டணச் செயலியில் பணம் செலுத்தியதும் வரும் ‘பரிவர்த்தனை வெற்றி’ என்ற திரையையும் பலர் ரசீதாக நினைத்து ஏற்றிவிடுகிறார்கள். பணம் போனது என்பதற்கு அது சாட்சி, எதற்காகப் போனது என்று அது சொல்லாது. பெரும்பாலான பள்ளிச் செயலிகளில் கட்டண ரசீது என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். முதலில் அங்கே பார்க்க வேண்டும், தலைப்பு வாரியான பிரிவு பலமுறை அதிலேயே கிடைத்துவிடும், பள்ளிக்குப் போகும் வேலையும் மிச்சமாகும்.

பணத்தைக் கட்டியவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. சலுகை, கட்டிய பெற்றோருக்கு உரியது. நம் வீடுகளில் தாத்தா தன் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பேரப்பிள்ளையின் கட்டணத்தைக் கட்டுவது சாதாரணம். அந்தப் பணத்துக்குத் தாத்தாவும் சலுகை கேட்க முடியாது, ஏனென்றால் சட்டம் தன் பிள்ளைகள் என்கிறது, பேரப்பிள்ளைகள் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்க முடியாது, ஏனென்றால் அவர் கட்டவில்லை. தாத்தா மகனின் கணக்குக்குப் பணத்தை அனுப்பி, மகன் தன் கணக்கிலிருந்து பள்ளிக்குக் கட்டினால் இந்தச் சிக்கலே வராது. அம்மாவும் வேலைக்குப் போகிறவர், வரி கட்டுகிறவர் என்றால், அவர் கட்டிய தொகைக்கு அவர் தன் கணக்கில் கேட்கலாம். ஒரே பிள்ளையின் கட்டணத்தை இருவரும் பாதிப் பாதி கட்டி, அவரவர் கட்டியதை அவரவர் கேட்கலாம். ஒரே ரூபாயை இருவரும் கேட்கக் கூடாது. இரண்டு பிள்ளைகள் என்ற வரம்பும் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனி.

இனி இந்த விஷயத்தில் மிகப் பலர் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். பள்ளியின் ஆண்டு வேறு, வரியின் ஆண்டு வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. வருமான வரிக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பள்ளி அலுவலகத்தில் ‘வரிக்காக ஒரு சான்று கொடுங்கள்’ என்றால் கணினியில் 2025-26 கல்வியாண்டு என்று தட்டி ஒரு தாளை எடுத்துத் தருவார்கள். அதில் இருப்பது அந்தக் கல்வியாண்டுக்குரிய கட்டணம். வரிச் சட்டம் கேட்பதோ அந்த நிதியாண்டுக்குள் கையை விட்டுப் போன பணம். எந்த வகுப்புக்காக, எந்தப் பருவத்துக்காக என்பது அதற்குப் பொருட்டில்லை.

நம் கணக்கில் பாருங்கள். மூத்த பெண்ணின் பள்ளி, எட்டாம் வகுப்புக்கான முதல் பருவக் கட்டணத்தை 2026 மார்ச்சிலேயே கட்டச் சொல்கிறது. 32,000 ரூபாய், அதில் கற்பிப்புக் கட்டணம் 20,000. கல்வியாண்டுச் சான்றில் இது அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் வரும். வரிக் கணக்கில் இது 2025-26இல் கட்டிய பணம். ஆகவே அப்பா கேட்க முடிந்த தொகை 38,000 அல்ல, 58,000. இதே தொகையை மார்ச் 28இல் கட்டாமல் ஏப்ரல் 3இல் கட்டியிருந்தால் அது அடுத்த நிதியாண்டுக்குப் போயிருக்கும். எந்த ஆண்டு 80சி-யில் இடம் இருக்கிறதோ அந்த ஆண்டில் கட்டுவது என்று, பள்ளி கொடுக்கும் கெடுவுக்குள் நாம் தேதியைத் தேர்ந்துகொள்ள முடியும்.

எனவே சான்று கேட்கும்போது ‘2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை பெறப்பட்ட தொகை’ என்று தேதியைச் சொல்லியே கேட்க வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும், அல்லது கல்வியாண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு கடிதமாகக் கொடுப்பது நல்லது. இப்படி எழுதலாம்:

‘பெறுநர்: தாளாளர் / முதல்வர் அவர்கள்.
ஐயா / அம்மா, வணக்கம். தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பயிலும் என் மகள் (பெயர், சேர்க்கை எண்) பொருட்டு 01.04.2025 முதல் 31.03.2026 வரை நான் செலுத்திய கட்டணத்துக்கு, வருமான வரிக் கழிவுக்காக ஒரு சான்று தேவைப்படுகிறது. அதில் கற்பிப்புக் கட்டணம், வளர்ச்சி நிதி, போக்குவரத்து, புத்தகம், பிற கட்டணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டு, ஒவ்வொரு தொகைக்கும் ரசீது எண்ணும் தேதியும் சேர்த்து, பள்ளியின் தலைப்புத் தாளில் கையெழுத்து, முத்திரையுடன் வழங்க வேண்டுகிறேன். ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். இப்படிக்கு, (தந்தையின் பெயர், கைபேசி எண்).’

ரசீது நகல்களை இணைப்பதில் ஒரு பயன் இருக்கிறது. கணக்கர் தேட வேண்டிய வேலையை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஜனவரி மாதம் இதே கோரிக்கையோடு நூறு பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். எண்ணும் தேதியும் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். கடிதத்தை முதல்வரிடம் கொடுத்தாலும், எழுதித் தரப்போகிறவர் கட்டணம் வாங்கும் கணக்கர்தான். அவரையும் பார்த்துப் பேசிவிட்டு வருவது நல்லது. டிசம்பர் நடுவிலேயே கொடுத்துவிட்டால் அரையாண்டு விடுமுறைக்கு முன் முடிந்துவிடும். பள்ளி தரும் சான்றின் வாசகம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ‘எங்கள் பள்ளியில் முழுநேர மாணவியாகப் பயிலும் இன்னாரின் மகள் இன்னாருக்காக, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பெறப்பட்ட கட்டணத்தில் கற்பிப்புக் கட்டணம் இவ்வளவு’ என்ற ஒரு வாக்கியமும், கீழே தலைப்பு வாரியாக ஒரு சிறு அட்டவணையும் போதும். ‘முழுநேர’ என்ற சொல் சட்டத்தில் இருப்பதால் சான்றிலும் இருப்பது நல்லது, முக்கியமாக மழலையர் பள்ளிச் சான்றில்.

இளையவன் யு.கே.ஜி. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மழலையர் பள்ளி. ஜூனில் 24,000 கட்டியாயிற்று, அத்தனையும் கற்பிப்புக் கட்டணம்தான். வேனும் இல்லை, வளர்ச்சி நிதியும் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் கையால் எழுதிய சீட்டு, எண் அச்சடித்திருக்கிறது. ஆனால் அதில் பையனின் வீட்டுப் பெயரை எழுதிவிட்டார்கள், ‘எதற்காக’ என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. இப்படிப்பட்ட ரசீதில் நாமே பேனா எடுத்து நிரப்புவது பெரிய தவறு. எழுத்தும் மையும் மாறினால் ரசீது முழுதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பள்ளியில் கொடுத்து, அவர்களையே திருத்தச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அல்லது மேலே சொன்னது போல ஒரு சான்று வாங்கிவிடலாம். கைக்கு ரசீது வந்த அந்த நிமிடமே பெயரையும் தலைப்பையும் படித்துப் பார்த்தால் இந்த நடை மிச்சம்.

பள்ளி பிரிவு காட்ட மறுத்தால்? மறுப்புக்குப் பல நேரம் வெறும் பழக்கம்தான் காரணம். மென்பொருளில் எல்லாத் தலைப்பும் இருக்கும், அச்சாகும் தாளில் மொத்தம் மட்டும் வரும்படி அமைத்திருப்பார்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சில இடங்களில் காரணம் வேறு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் தனியார் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஒருவரின் தலைமையில் இயங்கும் குழு, ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்பு வாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். அதற்கு மேல் வாங்கும் பள்ளி, எல்லாவற்றையும் பிரித்து எழுதிக் கொடுத்தால் தன் மீதே சாட்சி எழுதியதாகும். அதனால் நிர்ணயித்த தொகைக்கு மட்டும் முறையான ரசீதும், மீதிக்குத் துண்டுச் சீட்டும், சில இடங்களில் அதுவும் இல்லாமலும் பணம் வாங்கப்படுகிறது.

இதில் பெற்றோருக்கு இரட்டை நஷ்டம். கூடுதல் பணமும் போகிறது, அந்தப் பணத்துக்குச் சலுகையும் இல்லை. துண்டுச் சீட்டில் உள்ள தொகையைக் கற்பிப்புக் கட்டணம் என்று வேறு யாரையாவது வைத்துச் சான்று தயாரித்துக் காட்டலாம் என்ற யோசனையை அலுவலக நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அதைக் கேட்கவே கூடாது. இல்லாத செலவுக்கு ஆதாரம் காட்டி வருமானத்தைக் குறைப்பது சட்டத்தின் கண்ணில் தவறான தகவல் தருவது. அதற்கு, ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு வரை அபராதம் விதிக்க முடியும். ரசீது தராமல் வாங்கிய பணத்துக்குக் கேட்க வேண்டிய இடம் கட்டண நிர்ணயக் குழு. அங்கே புகார் செய்ய முதலில் தேவைப்படுவதும் கட்டிய தேதியும் தொகையும் தெரியும் வங்கிப் பதிவுதான். பள்ளிக்கு ரொக்கமாகப் பணம் கட்டுவதை நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான். பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும்போது எல்லாப் பெற்றோராலும் புகார் எழுத முடியாது என்பதை அறிவேன். முறையான ரசீது உள்ள தொகைக்காவது பிரிவு கேட்டுச் சான்று வாங்குவதில் எந்தச் சண்டையும் இல்லை. அதை விட்டுவிடத் தேவையில்லை.

மறுபடி நம் குடும்பத்துக்கு வருவோம். அலுவலகம் ஜனவரி 20-ஐக் கடைசித் தேதி என்றது. அதற்குள் அப்பா சான்றுகளை வாங்கிவிட்டார். மூத்தவளுக்கு 38,000, இளையவனுக்கு 24,000, ஆகமொத்தம் 62,000 அலுவலகத்தில் ஏற்கப்பட்டது. சம்பளத்தில் பிடித்த வரியில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது. மார்ச்சில் கட்டிய கட்டணத்தில் உள்ள 20,000 மட்டும் வெளியே நிற்கிறது. அலுவலகம் கதவை மூடிவிட்டதால் அது போய்விட்டதாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். போகவில்லை. அலுவலகத்தின் கெடு, அலுவலகம் வரி பிடிப்பதற்கானது. சலுகை கேட்கும் உரிமை வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்வரை இருக்கிறது. 76,000 இடத்தில் 62,000 போக மீதி 14,000. மார்ச் ரசீதிலிருந்து அந்த 14,000-ஐக் கணக்கில் சேர்த்தால் 2,912 ரூபாய் திரும்பி வரும். எஞ்சும் 6,000-க்கு இடம் இல்லை, அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அந்த மார்ச் கட்டணத்தில் ஒரு பங்கை அம்மா தன் கணக்கிலிருந்து கட்டியிருந்து, அவரும் பழைய முறையில் வரி கட்டுகிறவராக இருந்தால், அந்தப் பங்குக்கு அவர் கேட்டிருக்கலாம்.

வருமான வரிக் கணக்கில் இப்படிச் சேர்க்கும்போது ஒரு தேதியில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பது, கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே செல்லும். வழக்கமாக அந்தக் கெடு ஜூலை 31. ஒரு நாள் தாமதித்தாலும் புதிய முறையில்தான் கணக்கு போடப்படும். அப்போது இந்த 14,000 மட்டுமல்ல, 80சி முழுவதும், வாடகைப் படியும், மதுரை வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்தே போய்விடும்.

கணக்கோடு ரசீதை இணைத்து அனுப்ப வேண்டியதில்லை, எண்ணைத் தந்தால் போதும். ஆனால் பின்னாளில் துறை விளக்கம் கேட்டால் தாளைக் காட்ட வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். ஆகவே வாங்கிய அன்றே நகல் எடுத்து, பள்ளிச் சான்றையும், அந்தத் தேதிக்குரிய வங்கிப் பதிவையும் ஒரே கோப்பில் சேர்த்து, நிதியாண்டு வாரியாக ஆறேழு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். மார்ச் மாத ரசீதின் மேல் மட்டும் பென்சிலால் ‘2025-26 வரிக் கணக்கில் கேட்டாயிற்று, 14,000’ என்று எழுதி வைப்பது நல்லது. அடுத்த டிசம்பரில் பள்ளி தரும் சான்று கல்வியாண்டுப்படி வந்துவிட்டால் அதே 20,000 மறுபடி அதில் தலைகாட்டும். அப்போது அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுத வேண்டும்.